குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை: ஐபோன் காணொளியைக் கணினிக்கு மாற்றும்போது என்ன நடக்கிறது?

"மாமா, பாட்டி பேசுறது கேட்குது. ஆனா முகம் தெரியல. திரை முழுக்கக் கறுப்பா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் அக்கா மகள் இப்படித்தான் அழைத்தாள். பெட்டாலிங் ஜெயாவின் தெற்கே, கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அவள் குடியிருக்கிறாள். ஊடகத் துறையில் டிப்ளோமா படிக்கிறாள். திங்கட்கிழமை மாலைக்குள் ஐந்து நிமிட ஆவணப்படம் ஒன்றை அவள் ஒப்படைக்க வேண்டும். அதற்காகத் தன் அப்பாவின் தாயாரை உட்கார வைத்துப் பேச வைத்திருந்தாள். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனது, தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு போட்டது, பிறகு அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது என்று பாட்டி மூன்று தடவையாக மொத்தம் 70 நிமிடம் பேசியிருந்தார். மூத்த அண்ணன் கொடுத்த பழைய ஐபோன் 11-இல் அத்தனையும் பதிவாகியிருந்தது.

அந்தக் கைப்பேசியின் கொள்ளளவு 64 ஜி.பி. அது நிறைந்துவிட்டது. "காப்பி எடுத்தது கெட்டுப் போச்சு மாமா. போன்ல இருக்கிறத அழிச்சிட்டு, பாட்டிய மறுபடி பேச வச்சு எடுத்திடவா?" என்று கேட்டாள்.

"எதையும் தொடாதே, இதோ வருகிறேன்" என்று கிளம்பினேன். கணினி பழுது பார்ப்பது என் தொழில். கெட்டுப்போனது என்று நினைத்து நல்ல கோப்பை அழித்துவிட்டு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் இரண்டாவது முறை சொல்லும் கதை முதல் முறை சொன்ன கதையாக இருக்காது.

இரண்டு பிரதிகள், இரண்டு அளவுகள்

நடந்ததை அவள் வரிசையாகச் சொன்னாள். சனிக்கிழமை இரவு கைப்பேசியைக் கேபிளால் விண்டோஸ் மடிக்கணினியில் இணைத்திருக்கிறாள். `DCIM` கோப்புறையைத் திறந்து மூன்று காணொளிகளையும் சேர்த்துக் கணினிக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். 14 நிமிடக் காணொளி வந்து சேர்ந்தது. 38 நிமிடக் காணொளி பாதியில் நின்று, இந்த வாசகம் திரையில் தோன்றியது:

```
A device attached to the system is not functioning.
```

கேபிளை மாற்றினாள், கணினியை மூடித் திறந்தாள். மறுபடியும் அதே வாசகம்தான் வந்தது. தோழி ஒருத்தியிடம் கேட்டதில், ஐபோனின் அமைப்புப் பகுதியில் `Keep Originals` என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறாள். காலையில் அப்படியே செய்தாள். இம்முறை மூன்றும் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தன. ஆனால் திறந்தால் குரல் மட்டும் கேட்கிறது, படம் இல்லை.

அவளை மிகவும் குழப்பியது வேறொன்று. இரவில் வந்த 14 நிமிடக் காணொளி கணினியில் நன்றாக ஓடுகிறது. காலையில் வந்த அதே 14 நிமிடக் காணொளி ஓட மறுக்கிறது. கோப்பின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இரவில் வந்தது ஏறக்குறைய 1.7 ஜி.பி.; காலையில் வந்தது ஏறக்குறைய 840 எம்.பி. "பாதி காணாமப் போயிருக்கு மாமா" என்றாள்.

எதுவும் காணாமல் போகவில்லை. உண்மையில் காலையில் வந்த சிறிய கோப்புதான் ஐபோன் பதிவு செய்த அசல். இரவில் வந்த பெரிய கோப்பு, வரும் வழியில் ஐபோன் வேறு முறைக்கு மாற்றி எழுதிய பிரதி. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

உறை ஒன்று, கடிதம் இரண்டு

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் `.MOV` என்பதைப் பார்த்து, அதுதான் காணொளியின் வகை என்று பலர் நினைக்கிறோம். அது வெறும் உறையின் பெயர். ஓர் உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒலியும் மற்றொன்றில் படமும் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு எழுத்து முறையில் இருக்கலாம். உறையைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு உள்ளே இருக்கும் இரண்டு எழுத்துகளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மடிக்கணினியிலிருந்த பிளேயர் உறையைப் பிரித்தது. ஒலிக் கடிதத்தைப் படிக்க அதற்குத் தெரிந்ததால் பாட்டியின் குரல் கேட்டது. படக் கடிதத்தின் எழுத்து அதற்குத் தெரியாததால் திரை கறுப்பாக நின்றது. ஆகவே குரல் கேட்டு முகம் தெரியாமல் இருப்பது கோப்பு கெட்டதற்கு அடையாளம் அல்ல. பெரும்பாலும் அது கோப்பு நலமாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். பாதியில் அறுந்த கோப்பாக இருந்தால் பல நேரங்களில் உறையையே பிரிக்க முடியாது, குரலும் வராது.

என் மருமகள் இன்னொன்றும் செய்து பார்த்திருந்தாள். கோப்பின் பெயரில் `.MOV` என்பதை அழித்து `.MP4` என்று எழுதியிருந்தாள். உறையின் மேல் முகவரியை மாற்றி எழுதினால் உள்ளே இருக்கும் கடிதத்தின் எழுத்து மாறாது. அதனால்தான் அது பலிக்கவில்லை.

2017-இல் நடந்த இரண்டு மாற்றங்கள்

பிளேயருக்குப் புரியாத அந்த எழுத்து முறையின் பெயர் எச்.இ.வி.சி. திரையில் `HEVC` என்றோ `H.265` என்றோ தோன்றும். அதற்கு முந்தியது `H.264`. இது 2003-இல் தரநிலையாக வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கணினியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இதைப் படிக்கும். எச்.இ.வி.சி. 2013-இல் வந்தது.

புதிய முறை எதற்கு? இடத்தை மிச்சப்படுத்தத்தான். பாட்டி பேசும்போது அவருக்குப் பின்னால் இருக்கும் வெளிர்பச்சைச் சுவர் அசைவதில்லை, மாறுவதில்லை. பழைய முறை படத்தை 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து எழுதுகிறது. புதிய முறையில் ஒரு கட்டம் 64-க்கு 64 புள்ளிகள் வரை விரியலாம். அதனால் ஒரே மாதிரி இருக்கும் சுவரைச் சில பெரிய கட்டங்களில் சுருக்கமாக எழுதிவிட்டு, பாட்டியின் கண்ணும் உதடும் இருக்கும் இடத்தில் மட்டும் சிறு கட்டங்களைப் பயன்படுத்துகிறது. ஐபோனின் அமைப்புப் பக்கமே இந்த வேறுபாட்டைக் காட்டும். 1080p தரத்தில் நொடிக்கு 30 படங்கள் வீதம் ஒரு நிமிடக் காணொளி எடுத்தால், புதிய முறையில் ஏறக்குறைய 60 எம்.பி. ஆகும், பழைய முறையில் 130 எம்.பி.

இப்போது அந்த 14 நிமிடத்தைப் பெருக்கிப் பாருங்கள். 60-ஆல் பெருக்கினால் 840 எம்.பி. காலையில் வந்த கோப்பின் அளவு சரியாக அதுதான். 130-ஆல் பெருக்கினால் 1.8 ஜி.பி. இரவில் வந்தது அதற்கு நெருக்கமாக இருந்தது. பாதி காணாமல் போகவில்லை என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிட்டது.

சரி, இவ்வளவு நல்ல முறையை விண்டோஸ் ஏன் படிப்பதில்லை? எச்.இ.வி.சி.-யில் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் பின்னிக் கிடக்கின்றன. பயன்படுத்துவோர் உரிமத் தொகை கட்ட வேண்டும். அதை வசூலிக்க 2017-க்குள் மூன்று தனித்தனி அமைப்புகள் உருவாகியிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 11-ஐ வெளியிட்டு, ஐபோன் 7 முதலான கைப்பேசிகளில் எச்.இ.வி.சி.-யை வழக்கமான பதிவு முறையாக்கியது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10-இன் பதிப்பில், அதைப் படிக்கும் பகுதி விண்டோஸுடன் சேர்ந்து வராமல் தனியாகப் பிரிக்கப்பட்டது. வேண்டியவர்கள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியே பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் எழுதும் முறை மாறிய அதே பருவத்தில், மறுபக்கம் படிக்கும் கருவி பெட்டியிலிருந்து வெளியே போய்விட்டது. என் மருமகளின் கறுப்புத் திரைக்கு வேர் அங்கே இருக்கிறது.

இரவில் ஏன் பாதியில் நின்றது?

ஐபோனில் `Settings` திறந்து `Photos` பகுதிக்குப் போங்கள். ஐ.ஓ.எஸ். 18 முதல் அது `Apps` என்பதற்குள் இருக்கும். பக்கத்தின் அடிவரை இறங்கினால் `Transfer to Mac or PC` என்ற தலைப்பின் கீழ் இரண்டு தெரிவுகள் இருக்கும்: `Automatic`, `Keep Originals`.

`Automatic` இருக்கும்போது, கணினிக்குப் படிக்கத் தெரியாது என்று கருதி, ஐபோன் ஒவ்வொரு காணொளியையும் பழைய முறைக்கு மாற்றி எழுதிக்கொண்டே அனுப்ப முயல்கிறது. மூன்று நான்கு சிறு காணொளிகளுக்கு இது வசதிதான். 38 நிமிடக் காணொளிக்கு அப்படியல்ல. கைப்பேசி உள்ளே மாற்றி எழுதிக்கொண்டிருக்க, கணினி கேபிளின் மறுமுனையில் காத்திருக்கிறது. பதில் வரத் தாமதமானால், கருவி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி விண்டோஸ் கைவிட்டுவிடும். கேபிளையும் கணினியையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே வாசகம் வந்ததன் காரணம் இதுதான்.

`Keep Originals` என்று மாற்றினால் ஐபோன் எதையும் மாற்றி எழுதாமல், இருப்பதை இருக்கிறபடியே கொடுக்கிறது. வேகமாகவும் முழுமையாகவும் வருகிறது. ஆனால் உள்ளே இருப்பது எச்.இ.வி.சி. ஆகையால் மாற்றும் வேலை இனி நம்முடையது. அதுவே நல்லது. அசல் பத்திரமாகக் கணினிக்கு வந்த பிறகு, மாற்றுவதில் ஏதாவது தவறினாலும் மறுபடி முயலலாம்.

மாற்றும்போது கைப்பேசியைத் திறந்த நிலையிலேயே வைத்திருங்கள். `Trust This Computer?` என்று கேட்டால் சம்மதம் கொடுங்கள். அது பூட்டியிருந்தால் `DCIM` கோப்புறை காலியாகத் தெரியலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஐகிளவுட் சேமிப்புடன் `Optimize iPhone Storage` என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால், பழைய காணொளிகளின் அசல் கைப்பேசியிலேயே இருக்காது. அவற்றைக் கேபிள் வழியாக எடுக்க முடியாது. முதலில் கைப்பேசியிலோ ஐகிளவுட் இணையப் பக்கத்திலோ பதிவிறக்க வேண்டும்.

கோப்பு நலமா என்று சோதிப்பது

நான் முதலில் வி.எல்.சி. என்ற இலவச பிளேயரை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கினேன். எழுத்தைப் படிக்கும் பகுதியை அது தன்னோடு கொண்டுவருகிறது, விண்டோஸிடம் கேட்பதில்லை. காலையில் வந்த கோப்பை அதில் திறந்ததும், பச்சைச் சுவருக்கு முன்னால் பாட்டி உட்கார்ந்திருந்தார். என் மருமகள் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

அடுத்து `Ctrl` விசையோடு `J` விசையை அழுத்தினோம். காணொளியின் உள்விவரம் திறந்தது. படத்துக்கான வரியில் `HEVC` என்று இருந்தது. இரவில் வந்த பெரிய கோப்பைத் திறந்து அதே விசைகளை அழுத்தினால் `H264` என்று காட்டியது. ஒரே பெயர், ஒரே உறை, உள்ளே வெவ்வேறு எழுத்து. ஒரு காணொளி ஓடவில்லை என்றால், ஊகம் செய்யாமல் இந்த வரியை முதலில் பாருங்கள்.

மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காணொளியின் முதல் நிமிடம் ஓடினால் போதும் என்று நினைக்கிறோம். கீழே உள்ள கோட்டைப் பிடித்துக் கடைசி நிமிடத்துக்கு இழுத்து, அங்கேயும் படமும் குரலும் வருகின்றனவா என்று பாருங்கள். மொத்த நேரம் கைப்பேசியில் காட்டும் நேரத்தோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று கோப்புகளுக்கும் இதைச் செய்தோம். மூன்றும் முழுமையாக இருந்தன.

பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் வேலை இங்கேயே முடிந்தது. விண்டோஸின் சொந்த பிளேயரிலேயே பார்க்க விரும்பினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் `HEVC Video Extensions` என்பதை வாங்கலாம். அமெரிக்காவில் அதன் விலை 99 சென், சிறு தொகைதான். ஆனால் அதற்காக, பெயர் தெரியாத தளங்கள் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தொகுப்புகளைக் கணினியில் ஏற்றாதீர்கள். அவற்றோடு நச்சு நிரலும் சேர்ந்து வரலாம்.

தொகுப்பதற்காக மாற்றுவது

என் மருமகளுக்குப் பார்த்தால் மட்டும் போதாது. 70 நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்தை வெட்டித் தொகுக்க வேண்டும். கல்லூரியின் கணினியில் அது ஓடவும் வேண்டும். அவளுடைய தொகுப்பு மென்பொருளோ எச்.இ.வி.சி.-யை ஏற்க மறுத்தது. ஏற்றாலும் அந்தப் பழைய மடிக்கணினி திணறியிருக்கும். இறுகச் சுருக்கி எழுதியதை விரித்துப் படிக்க அதிக உழைப்பு வேண்டும்.

"வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பிக்கிட்டா மாறிடும்னு சொன்னாங்க" என்றாள். மாறும்தான். ஆனால் வாட்ஸ்அப் காணொளியை மிகவும் சுருக்கிவிடும். பாட்டியின் முகச் சுருக்கங்கள் மெழுகியதுபோல் ஆகிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் எழுத்தும் மாறாது, அதே எச்.இ.வி.சி. வந்து நிற்கும்.

நாங்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினோம். இதுவும் படிக்கும் பகுதியைத் தன்னோடு கொண்டுவருகிறது. முழு 70 நிமிடத்தையும் மாற்றினால் அந்த மடிக்கணினி பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் வி.எல்.சி.-யில் பாட்டி பேசுவதைக் கேட்டு, தேவையான இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டாள். நான்கு இடங்கள், மொத்தம் ஒன்பது நிமிடம். பால்மரக் காடு, தோட்டத்து லயம், பலகை வீடு, அடுக்குமாடியில் முதல் இரவு.

பிறகு ஹேண்ட்பிரேக்கில் 38 நிமிடக் காணொளியைத் திறந்தோம். தயார்நிலைத் தெரிவுகளில் `Fast 1080p30` என்பதை எடுத்தோம். `Format` என்ற இடத்தில் `MP4` இருப்பதை உறுதி செய்தோம். `Range` என்ற இடத்தில் `Seconds` என்று மாற்றி, தாளில் குறித்த தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் இட்டோம். மற்ற இடங்களையும் இவ்வாறே ஒவ்வொன்றாக வரிசையில் சேர்த்தோம்.

`Video` பக்கத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, `Video Encoder` என்ற இடத்தில் `H.264 (x264)` இருக்க வேண்டும். இரண்டாவது, தரத்தைக் குறிக்கும் `RF` எண். இது தலைகீழ்க் கணக்கு; எண் குறைந்தால் தரமும் கோப்பின் அளவும் கூடும். 20 வைத்தோம். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஐபோன் நொடிக்குச் சரியாக 30 படம் எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் வேலைச் சுமைக்கும் ஏற்ப அது சற்றுக் கூடும், குறையும். சில தொகுப்பு மென்பொருள்கள் இதைச் சரியாகக் கையாளாது. தொடக்கத்தில் உதடும் குரலும் சேர்ந்திருக்கும். போகப் போக உதடு முந்தும் அல்லது பிந்தும். எனவே `Framerate` என்ற இடத்தில் `30` என்று இட்டு, அதன் கீழே `Constant Framerate` என்பதைத் தேர்ந்தெடுத்தோம்.

தொடங்கும் பொத்தானை அழுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். வந்து பார்த்தபோது நான்கு கோப்புகள் காத்திருந்தன. விண்டோஸின் சொந்த பிளேயரில் பாட்டியின் முகம் தெரிந்தது. தொகுப்பு மென்பொருளும் தயங்காமல் எடுத்துக்கொண்டது.

அடுத்த முறை எடுக்கும்போது

இந்தச் சுற்று வேலை வேண்டாம் என்றால், படம் பிடிப்பதற்கு முன்பே `Settings` பகுதியில் `Camera`, அதற்குள் `Formats` திறந்து `Most Compatible` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது ஐபோன் பழைய எச்.264 முறையிலேயே பதிவு செய்யும். இதற்கு விலையும் உண்டு. பாட்டியின் 70 நிமிடம் எச்.இ.வி.சி.-யில் ஏறக்குறைய 4.2 ஜி.பி. ஆனது. பழைய முறையில் எடுத்திருந்தால் 9.1 ஜி.பி. ஆகியிருக்கும். நிறைந்து வழியும் 64 ஜி.பி. கைப்பேசியில் பாட்டி பாதிக் கதை சொல்லும்போதே பதிவு நின்றிருக்கும். ஆகவே இடம் இருப்பவர்களுக்கு `Most Compatible`. இடம் இல்லாதவர்கள் எச்.இ.வி.சி.-யில் எடுத்துவிட்டுப் பிறகு மாற்றலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தத் தெரிவு இனி எடுக்கும் காணொளிகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே எடுத்ததை அது மாற்றாது. இதை மாற்றிவிட்டுப் பழைய காணொளியையே மறுபடி மறுபடி கணினிக்கு இழுத்து, இன்னும் ஓடவில்லையே என்று சோர்ந்து போகிறவர்கள் உண்டு.

ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியது வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் வரலாம். காணொளி ஓடும், ஆனால் நிறம் வெளிறிப்போய் அல்லது வெளிச்சம் கொட்டியதுபோல் தெரியும். அவை எச்.டி.ஆர். என்ற விரிந்த ஒளி அளவில் பதிவு செய்வதும், கணினித் திரை அதற்கு ஏற்றதாக இல்லாததும்தான் காரணம். `Camera` பகுதியில் `Record Video` திறந்து `HDR Video` என்பதை முன்கூட்டியே அணைத்துவிட்டு எடுப்பது மாணவர் படங்களுக்குப் போதும்.

அழிப்பதற்கு முன்

மாலையில் கைப்பேசியில் இடம் காலி செய்யும் நேரம் வந்தது. "மாத்தின கோப்பு இருக்கே மாமா, பழசு எதுக்கு?" என்று கேட்டாள். மாற்றும் ஒவ்வொரு முறையும் படத்தின் நுணுக்கம் கொஞ்சம் குறைகிறது. மாற்றியதிலிருந்து அசலைத் திரும்பப் பெற முடியாது. மேலும் மாற்றியது ஒன்பது நிமிடம்தான். பாட்டி பேசியது 70 நிமிடம். இன்றைக்குத் தேவைப்படாத 61 நிமிடத்தில், நாளைக்கு அவளுடைய தம்பி தங்கைகள் தேடப்போவது இருக்கலாம்.

அசல் மூன்றையும் மடிக்கணினியில் ஒரு கோப்புறையிலும், வீட்டிலிருந்த வெளி வன்தட்டில் இன்னொரு பிரதியாகவும் வைத்தோம். வன்தட்டில் இருப்பதையும் திறந்து கடைசி நிமிடம் வரை இழுத்துப் பார்த்தோம். அதன் பிறகுதான் கைப்பேசியிலிருந்து அழிக்கச் சொன்னேன். அழித்தவை `Recently Deleted` என்ற தொகுப்பில் 30 நாள் வரை இருக்கும். அதுவரை இடமும் காலியாகாது. அங்கிருந்தும் நீக்கினால்தான் இடம் கிடைக்கும். அங்கே நீக்கிவிட்டால் திரும்ப வராது.

திங்கட்கிழமை மாலை படத்தை ஒப்படைத்துவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினாள். அதற்கு முந்திய இரவு, பாட்டியை மடிக்கணினிக்கு முன்னால் உட்கார வைத்து முழு 70 நிமிடத்தையும் போட்டுக் காட்டினார்களாம். பலகை வீட்டுக் கதை வந்த இடத்தில் பாட்டி நிறுத்தச் சொன்னாராம். "நான் அப்படியா சொன்னேன்? அது அந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷம்" என்று திருத்தினாராம்.

திருத்திச் சொன்னதையும் அவள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள். இப்போது அதில் இடம் இருக்கிறது.